நிறம் நிற்க வேண்டிய இடம்

பல்கலைக்கழக விடுமுறைகளில் நான் பரந்தனில் என் ஒன்றுவிட்ட அண்ணன் நடத்தும் ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை செய்கிறேன். கூடம் என்பது சற்றுப் பெரிய சொல். ஒரு கடையின் மேல்மாடியில் இரண்டு அறைகள், அவ்வளவுதான். அங்கே எனக்குரிய பணி கரோக்கி. பாடல் வரி திரையில் தோன்றியதும், பாடுகிறவர் எந்த எழுத்தில் நிற்கிறாரோ அதுவரை நிறம் மாறிச் செல்லும்படி நேரம் குறிக்க வேண்டும். ஒலியின் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, குரல் எழும் புள்ளியைக் கண்டு, செக்கனின் நூறிலொரு பங்குவரை குறிப்பேன். வரியின் தொடக்கத்தை மட்டும் குறித்தால் நிறம் எல்லா எழுத்துகளிலும் ஒரே சீராக ஓடும். பாடகரோ ஒரு நெடிலில் நின்று நீட்டிக்கொண்டிருப்பார். ஆகவே அசை அசையாகக் குறிப்பதே என் வழக்கம். யாப்புப் படித்தவளுக்கு அது அந்நியமான வேலையன்று.

முரசுமோட்டையிலிருந்து வயதான ஓர் அன்ரி வந்த நாளில் மழை தூறிக்கொண்டிருந்தது. கடைசிச் சண்டைக் காலத்தில் அருகே விழுந்த ஷெல்லினால் அவருடைய இரு செவிகளும் முற்றாகக் கேளாமற்போயின. எதிரில் இருப்பவரின் உதடுகளைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வார். அவருடைய கணவர் ஊர்ப் பிள்ளையார்மீது ஐந்து ஊஞ்சற்பாட்டுகள் இயற்றியவர். ஆண்டுதோறும் பூங்காவனத் திருவிழாவில், சுவாமியை ஊஞ்சலில் இருத்தி ஆட்டும்போது அவரே அவற்றைப் பாடுவார். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் வரும் "ஆடீர் ஊஞ்சல்" என்று முடியும் ஈற்றடியை அன்ரி எடுத்துக் கொடுக்க, பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். கணவர் இறந்து ஓராண்டாகி, ஆட்டைத் திவசமும் முடிந்திருந்தது. இந்த ஆண்டு அவருடைய பழைய ஒலிப்பதிவையே கோயிலில் போடுவதென்று பரிபாலன சபையினர் தீர்மானித்திருந்தார்கள்.

"ஈத்தடியை ஆர் எடுக்கிறதெண்டு கேக்கினம்," என்றார் அன்ரி. அவருடைய குரலில் ஏற்ற இறக்கம் குறைவு. "நான்தான் எடுப்பன் எண்டு சொல்லிப்போட்டன். ஆனா அவர் எந்த இடத்திலை நிக்கிறார் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஸ்பீக்கருக்கு முகமே இருக்கு?"

அண்ணன் சிரிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒலிபெருக்கிப் பணிக்குப் போனபோது அந்தப் பாட்டுகளைப் பதிவுசெய்தவர் அவரே. என் பக்கம் திரும்பி, "இது உன்ரை வேலை. பிழைச்சா சனத்துக்கு முன்னாலை அவாதான் நிக்கவேணும்," என்றார்.

ஊஞ்சற்பாட்டு தாளக்கட்டின்றிப் பாடப்படுவது. ஆகையால் ஓர் அடியின் நேரத்தை வைத்து அடுத்ததைக் கணிக்க இயலாது. முழுவதையும் செவியாலேயே குறித்தேன். எண்சீர் அடியொன்று திரையில் ஒரே வரியாக அடங்கவில்லை. நான்கு நான்கு சீராக இரண்டாக்கினேன். ஈற்றடிகளுக்கு முன்னால் மட்டும் ஓர் ஒழுங்கீனம் இருந்தது. ஐந்து பாட்டிலும் பாடுகிறவர் அங்கே நின்றார். நின்ற அளவோ ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஓரிடத்தில் மூச்செடுக்கும் நேரம், இன்னோரிடத்தில் அதைப்போல் பல மடங்கு. யாப்பில் அதற்கு நியாயம் இல்லை. திரையிலும் நிறம் அசையாமல் நிற்க, கோப்பு பழுதாகிவிட்டதுபோலத் தோன்றியது. மூப்பினால் வந்த தளர்ச்சி என்று எண்ணி, அந்த மௌனங்களை வெட்டி ஒரே அளவாக்கினேன். வெட்டிய ஒலிக்கேற்ப நேரங்களையும் திருத்திய பின், வேலை மிக நேர்த்தியாக வந்துவிட்டதென்றே நம்பினேன்.

அன்ரி மறுபடி வந்து திரைக்கு முன்னால் அமர்ந்தார். முதற்பாட்டின் அடிகள் நிறம் மாறிச் செல்ல, அவருடைய உதடுகளும் ஓசையின்றி அசைந்தன. ஈற்றடி வந்தது. அவர் வாயைத் திறக்குமுன் நிறம் பாதி கடந்துவிட்டது. இரண்டாம் பாட்டிலும் அப்படியே. மூன்றாவதில் கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டு பிள்ளை. இதிலை அவர் நிக்கிறவர் எல்லே?"

நான் அவர் பார்க்கும்படி மெதுவாகச் சொன்னேன்: "ஓம் அன்ரி. சும்மா இருந்த இடமெண்டு வெட்டிப்போட்டன்."

"சும்மா நிக்கேல்லை. எனக்குக் கேக்காது எண்டு, பாட்டை நிப்பாட்டி என்னைத் திரும்பிப் பாப்பார். நான் வாயைத் திறக்குமட்டும் பாத்துக்கொண்டு நிப்பார். சில வேளை நான் ஆரோடையும் கதைச்சுக்கொண்டு நிப்பன். அப்ப முறைச்சுக்கொண்டு நிப்பார்."

அண்ணன் அவருக்கு முன்னால் வந்து, "இவ தமிழ் படிக்கிறா அக்கா. அதுதான் செத்த புலவருக்கும் திருத்தம் போடுறா," என்றார். உதடுகளைப் படித்துவிட்டு அன்ரி வாய்விட்டுச் சிரித்தார்.

வெட்டாத மூலக்கோப்பு பத்திரமாக இருந்தது. அன்று அதை மறுபடி கேட்டேன். ஒவ்வொரு மௌனத்தின் முடிவிலும் முதலில் எழுவது ஏற்ற இறக்கமற்ற ஒரு பெண்குரல். மற்றவை அதன் பின்னரே சேர்கின்றன. கூட்டத்தில் யாரோ என்று நான் கடந்துபோன குரல் அது. கணவருடைய மௌனத்தின் நீளத்தை நிர்ணயித்தது அந்தக் குரலே.

மௌனங்களைத் திரும்ப வைத்தேன். வைத்ததும் பின்னால் வரும் நேரங்கள் எல்லாம் அந்தந்த அளவுக்குத் தள்ளிப்போயின. அவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஈற்றடி வரும் இடங்களில் பதிவிலிருந்த பழைய குரல்களை நீக்கி, சுருதியை மட்டும் அதே நீளத்துக்கு விட்டோம். அன்ரி பாடிப் பார்த்தார். இப்போதும் ஒரு மயிரிழை பிந்தினார். என் குறிப்பில் பிழை இல்லை. ஆனால் செவியால் பாடுகிறவருக்கு நிறம் குரலுடன் வந்தால் போதும், கண்ணால் பாடுகிறவர் கண்ட பிறகுதானே வாயைத் திறப்பார்? ஆகவே ஈற்றடியின் நிறத்தைச் சற்று முந்தித் தொடங்கவிட்டேன். மௌனத்தின் கடைசிப் பகுதியில் மூன்று புள்ளிகளைத் திரையில் வைத்தேன். அவை ஒவ்வொன்றாக அணையும். மூன்றாவது அணைந்ததும் அவர் தொடங்கவேண்டும். ஐந்து பாட்டும் பொருந்தின.

பூங்காவனத்தன்று மடிக்கணினியை ஊஞ்சற் கம்பத்தருகே ஒரு கதிரையில் வைத்தோம். ஒலியும் எழுத்தும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாதிருக்க, அதிலிருந்தே ஒலிபெருக்கிக்கு வயர் கொடுத்தார் அண்ணன். நான் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். இறந்தவரின் குரல் எழுந்தபோது கூட்டத்தில் கதை அடங்கிற்று. முதற்பாட்டின் முடிவில் புள்ளிகள் அணைந்தன, அன்ரி எடுத்தார், பெண்கள் சேர்ந்தார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் குறையின்றிச் சென்றன.

நான்காம் பாட்டில் ஐயர் ஊஞ்சலை ஆட்டிவிட, அன்ரி தலையை உயர்த்தி சுவாமியைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். புள்ளிகள் அணைந்து, ஈற்றடியின் எழுத்துகளில் நிறம் ஏறத் தொடங்கியது. பெண்கள் வாய் திறக்கவில்லை. அவர் எடுக்காமல் அவர்கள் ஒருநாளும் எடுத்ததில்லை. சுருதி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. இன்னும் சில கணங்களில் அவருடைய கணவரின் குரல் ஐந்தாம் பாட்டைத் தொடங்கிவிடும். பதிவுக்குத் திரும்பிப் பார்க்கத் தெரியாது.

நான் விசையை அழுத்தினேன். சுருதி நின்றது. நிறமும் பாதியில் நின்றது. பின்னாலிருந்த யாரோ, "கரண்ட் போட்டுதே?" என்று கேட்டார். பெண்கள் தன்னையே பார்த்து நிற்பதைக் கண்டு அன்ரி குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

அவர் பாடினார். பெண்கள் சேர்ந்து பாடி முடித்தார்கள். ஐந்தாம் பாட்டைத் தொடங்கிவிட்டு, விசையிலிருந்து விரலை எடுக்காமல், திரையை விட்டு அவருடைய உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.