அவரைக்கொடி ஏறிய வேலி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதிலும் எலெக்ட்ரிக்கல் டிப்ளமா. அதனால் மரவள்ளிக் காட்டுக்குச் சோலார் வேலி போட அனுமதி கிடைத்ததும் கம்பி இழுத்ததிலிருந்து பெட்டி மாட்டியது வரை எல்லாம் என் பொறுப்பு. கர்வம் கொஞ்சம் இருந்தது, மறைக்கவில்லை.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் காட்டுப்பன்றிகள் மேல்மூலையில் நுழைந்து இரண்டு வரிசைக் கிழங்கைப் பிரட்டிப் போட்டிருந்தன. பக்கத்துக் காட்டுச் சித்தப்பா வரப்பில் நின்று சிரித்தார்.

"ஏன் கண்ணு, உன் வேலி பன்னிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுதாக்கும்?"

அப்பா சிரிக்கவில்லை. செம்மேட்டில் வாங்கிய ஒயர்ச் சுருளை வீட்டிலிருந்து எடுத்து வந்தார்.

"போதும் சாமி. நம்ம ஊட்டுக் கரண்டையே நேராக் குடுத்துருவோம். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள முடிச்சரலாம்."

"அப்பா, அது பன்னியோட நிக்காதுங்க. நம்ம மாடு உரசுனாலும் போயிரும், நீங்க தொட்டாலும் போயிருவீங்க. போலீஸ் கேஸ் வேற."

"உன் பொட்டியில வர்றதும் கரண்டுதானே?"

நியாயமான கேள்விதான். பெட்டிக்குப் பக்கத்தில் அப்பாவைக் கூட்டிப்போய் 'டக்... டக்...' சத்தத்தைக் கேட்கச் சொன்னேன். எனர்ஜைசர் என்கிற அந்தப் பெட்டி, பேட்டரியின் மின்சாரத்தைத் தனக்குள் சேர்த்து வைத்து, ஒரே அடியாகக் கம்பியில் தள்ளிவிடும். வோல்ட் பல ஆயிரம் இருக்கும். ஆனால் அடி கண்சிமிட்டும் நேரம்கூட நீடிக்காது. அடுத்த அடி வர ஒரு நொடிக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் தொட்டவர் கையை எடுத்துவிடலாம், பன்றி திரும்பி ஓடிவிடலாம். வீட்டு மின்சாரத்தில் இந்த இடைவெளி கிடையாது. பிடித்த கையை அது விடாது.

"அப்ப இது பன்னிய ஏன் விட்டுச்சு?" என்றார் சித்தப்பா.

அதுதான் எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. "சாயந்தரம் வரைக்கும் பொறுங்கப்பா" என்று கேட்டேன். சுருளைத் தோளில் மாட்டியபடியே தலையாட்டினார்.

அடி எவ்வளவு பலமோ அத்தனை விளக்கு எரியும் டெஸ்டரோடு கிளம்பினேன். பெட்டியை நிறுத்தி, வேலிக்குப் போகும் கம்பியைக் கழற்றி, மறுபடி ஓடவிட்டுப் பெட்டியை மட்டும் சோதித்தேன். எல்லா விளக்கும் எரிந்தது. பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் ஈரமண்ணில் அடித்திருந்த எர்த் கம்பிகளும் சரி. கம்பியைத் திரும்ப மாட்டியதும் ஒரு விளக்கு மட்டும் மின்னியது. ஆக, வேலியில் எங்கேயோ மின்சாரம் மண்ணுக்கு இறங்குகிறது.

மேல்மூலை வளைவில் திரும்பியதும் தெரிந்துவிட்டது. என் கம்பி முழுக்க அம்மாவின் அவரை. ஈர இலைகளோடு ஊதாப் பூவும் பிஞ்சுமாகத் தரைக்கும் கம்பிக்கும் பாலம் போட்டிருந்தது. பன்றிக்குள் பாய வேண்டிய அடியெல்லாம் கொடி வழியாகவே மண்ணுக்குப் போயிருக்கிறது.

"அம்மா! இதென்னங்க?" என் சத்தத்துக்கு மூவரும் வந்துவிட்டார்கள்.

"வேலின்னா அவரை ஏறோணும் கண்ணு. உன் வேலி மொட்டையா நின்னுச்சு, பாக்கவே சகிக்கல."

எங்கள் மலையில் வேலி என்றால் கிளுவைக் குச்சி, அதில் அவரை. அம்மாவைக் குறைசொல்ல முடியுமா?

"அறுத்துப் போட்டிரலாம்" என்றார் சித்தப்பா.

"அறுத்துத்தான் பாரேன்" என்றாள் அம்மா. "குழம்புக்குன்னு நீதானே மொதல்ல வருவே?"

பெட்டியை அணைத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றி, இனிமேல்தான் கம்பிமேல் கை வைக்கலாம் என்று சொன்னேன். பூ உதிராமல் கொடியைப் பிரித்தெடுக்க மத்தியானம் வரை ஆனது. கம்பிக்கு அடியில் புல்லையும் செதுக்கினோம். கொடிக்கு வேலியிலிருந்து தள்ளி, உள்பக்கம் மூங்கில் கழிகள் நட்டோம். மஞ்சள் எச்சரிக்கைப் பலகைகளில் ஒன்றை அவரைக்கொடி மூடியிருந்தது. அதைத் துடைத்து வெளிப்பக்கம் திருப்பிக் கட்டினேன்.

எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லி இணைப்பைக் கொடுத்தேன். சித்தப்பா வெறுங்காலோடு கையை நீட்டினார்.

"சித்தப்பா! விளையாட்டுக்குக்கூடத் தொடாதீங்க. சாகமாட்டீங்க, ஆனா தூக்கிவாரிப் போடும்."

"சும்மா பாத்தேங்க" என்று திடீர் மரியாதையோடு பின்வாங்கினார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மேல்மூலைக் கம்பியில் டெஸ்டரை வைத்தேன். எல்லா விளக்கும் எரிந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு ராத்திரி பாப்போம்" என்றார்.

விடிந்ததும் அவர்தான் என்னை எழுப்பினார். மேல்மூலை ஈரமண்ணில் குளம்புத் தடங்கள் கம்பி வரை வந்திருந்தன. அங்கே மண் சிதறியிருந்தது. அதற்குப் பிறகு தடம் எல்லாம் வந்த பக்கமே, ஓட்டமாக. உள்ளே ஒரு கிழங்குகூட அசையவில்லை.

அப்பா நேற்றைய ஒயர்ச் சுருளைப் பிரித்து, அம்மாவின் மூங்கில்களுக்குக் குறுக்கே இழுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க" என்றாள் அம்மா. "இந்த வருசம் காய்ப்பு அதிகம்."