உருகிய ஐஸ் யாருடைய சொத்து

எனக்குக் கோபம் சட்டென்று வரும். திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு மீன் கம்பனிக் குழுமத்தைக் கணக்காய்வு செய்யப் போனபோதும் வந்தது.

தாய்க் கம்பனிக்குக் கீழே இரண்டு கம்பனிகள். ஒன்று இறக்கக்கண்டியில் ஐஸ் செய்கிறது. மற்றது துறைமுகத்தடியில் அந்த ஐஸை வாங்கி மீன் பொதி செய்கிறது. குழுமக் கணக்கில் இந்த விற்பனை விற்பனையே அல்ல. தன் பொருளைத் தனக்கே விற்றால் வருமானம் ஏது? ஆகவே இரு பக்கத்தையும் நீக்கிவிட வேண்டும். ஆனால் ஐஸ் கம்பனி வரவேண்டும் என்ற தொகை, மீன் கம்பனி கொடுக்கவேண்டும் என்றதைவிடக் கூட இருந்தது. மிஞ்சியதைக் கணக்காளர் 'வேறு வருமதிகள்' என்று சொத்தில் போட்டிருந்தார். ஒவ்வொரு வருடமும் அது வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

"ஆரிட்ட இருந்து வரவேணும், ஐயா?" என்று அவரிடம் கேட்டேன்.

"அதுதான் தெரியேல்ல, தங்கச்சி. ஸ்டோர் நானா ஐஸைக் களவா விக்கிறார் எண்டு முதலாளி சொல்றார். இந்த மாசத்தோட அவரை நிப்பாட்டப் போறாராம்."

எல்லோரும் 'நானா', அதாவது அண்ணன், என்று கூப்பிடும் அந்த ஸ்டோர் பொறுப்பாளர் மூதூர்க்காரர்; மீன் கம்பனிக்கு வரும் ஐஸைக் கையெழுத்திட்டு ஏற்பவர். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் நம்பினேன். வந்த கோபத்தில் "களவு இருக்கக்கூடும்" என்று அறிக்கைக்கு வரைவும் எழுதிவிட்டேன். அதைக் கொடுப்பதற்கு முன் ஒருதரம் ஐஸ் லொறியில் ஏறிப் பார்ப்போம் என்று தோன்றியது.

ஐஸ் ஆலையில் கட்டிகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் முழு நிறையைக் கணக்கிட்டுப் பில் போட்டார்கள். படங்குச் சீலையால் மூடிய லொறி, வெயிலில், வழிநெடுக ஒழுகிக்கொண்டே வந்தது. துறைமுகத்தடியில் நானா ஒவ்வொரு கட்டியையும் தராசில் வைத்து, வந்த நிறையை மட்டும் எழுதினார்.

"ஏன் நானா, பில்லில இருக்கிறதை எழுதேல்லையா?"

"வராத ஐஸை வந்ததெண்டு எப்பிடி மிஸ் எழுதுறது? ஏலாதே!"

அட கடவுளே! உருகி ரோட்டில் ஓடிய தண்ணீரைத்தான் இந்தக் குழுமம் இத்தனை வருடமும் சொத்தென்று சுமந்திருக்கிறது. சிரிப்பு அடங்கவில்லை. ஆலை வாசலிலேயே ஐஸ் மீன் கம்பனிக்குச் சொந்தமாகிவிடும் என்பதுதான் ஒப்பந்தம். ஆகவே கொள்வனவைப் பில்படி பதிந்து, உருகியதை மீன் கம்பனியின் செலவாக்கினோம். இந்த வருடத்துப் பங்கை இந்த வருட இலாபத்திலும் பழையதை முந்தைய வருடங்களில் சேர்ந்த இலாபத்திலும் கழித்தோம். பிறகு இரு பக்கமும் ஒத்தன. நீக்கியதும் ஒரு சதமும் மிஞ்சவில்லை. இலாபம் குறைந்ததற்கு முதலாளி முகத்தைச் சுளித்தார். ஆனாலும் நானாவை நிறுத்தும் கதையை விட்டுவிட்டார்.

புறப்படும் நாளில் நானா தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

"மிஸ், நீங்களும் முதல்ல என்னைக் கள்ளன் எண்டுதானே நினைச்சனீங்கள்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம், நானா. எழுதியும் வச்சனான்."

அவர் சத்தமாகச் சிரித்தார். "எழுதினது கிடக்கட்டும். இவ்வளவு வருசத்தில லொறியில ஏறி வந்து பாத்தது நீங்கள் மட்டுந்தான்."