மினுங்கிக்கொண்டிருந்த மோடம்

தொண்ணூறுகளின் கடைசி. கல்முனையில் என் கொமியூனிகேஷன் கடையில் இரண்டு கணினிகளுக்கும் ஒரே டெலிபோன் லைன்தான். கட்டாரில் அலுவலகம் பூட்டுமுன் பாஸ்போர்ட் பிரதி போய்ச் சேராவிட்டால் கிடைத்த வேலை போய்விடும் என்று ஓர் இளைஞர் என் தோளருகே நின்றார். ஈமெயில் பக்கம் திறக்கவேயில்லை. லைன் செத்துவிட்டது என்று தீர்மானித்து, மேசைக்கடியில் ஊர்ந்து, டெலிபோன்காரர்களை எல்லாம் ஏசினேன்.

“இஞ்ச பாருங்க, மோடம் லைட் விடாம மினுங்குது. செத்த லைன் மினுங்குமா?” என்றாள் கடையில் உதவிக்கு நின்ற என் மனைவி.

எட்டிப் பார்த்தேன். காலையில் நானே இணையத்திலிருந்து இறக்கப்போட்ட கிரிக்கெட் விளையாட்டு, அடுத்த கணினியில் லைன் முழுவதையும் விழுங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். பக்கம் திறந்தது, பிரதியும் போனது.

“லைன்ல என்ன பிழை காக்கா?” என்று என்னை அண்ணனாக்கிக் கேட்டார் இளைஞர்.

“பெரிய கோளாறு தம்பி,” என்று கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தேன்.

“ஓம், கதிரையிலதான் இரிக்கி,” என்றாள் மனைவி.