இரண்டு கோடுகள்

மதுரையில் வன அலுவலகத்தில் நான் டிரேசராக இருந்தேன். மலைப் படத்தின் மேல் மெழுகு பூசிய துணியை விரித்து, கீழே தெரிகிற கோடுகளைக் கறுப்பு மையால் படியெடுப்பது என் பிழைப்பு. மூலப் படம் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது; மலைக்குப் போவது என் துணிதான். என் கையெழுத்து கோணலாக இருக்கும், கோடு மட்டும் கோணாது என்று எனக்குப் பெரிய கர்வம்.

அந்தத் துணியை மலைக்குக் கொண்டு போகிறவர் என் தங்கையின் கணவர், அதே அலுவலகத்தில் சர்வேயர். பேரையூருக்கு மேற்கே மலையில் குதிரைப் பாதை போட அவர்தான் வழி பார்த்தார். நான் அவரை மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார்.

ஒருமுறை பழங்காநத்தத்தில் என் வீட்டுக்கு இருவரும் விருந்துக்கு வந்தபோது, நான் படியெடுத்திருந்த ஒரு துணியின் கோடுகளைத் தங்கை பார்த்து, "என்ன இது, கோலத்தைக் கலைச்சுவிட்ட மாதிரி?" என்று சிரித்தாள். அவர் கையை முஷ்டியாக மடக்கி, விரல் முட்டிகளைச் சுற்றி அடுப்புக்கரியால் வளையம் வளையமாக வரைந்தார்.

"ஒரு கோடு முழுக்க ஒரே உசரம். அடுத்த கோடு அம்பதடி மேல. நெருக்கமா இருந்தா செங்குத்து, தள்ளித் தள்ளி இருந்தா சரிவு கம்மி. கோடு உச்சிப் பக்கமா உள்ள மடங்கிப் போச்சுன்னா பள்ளம், கீழ்ப் பக்கமா புடைச்சு வந்தா மலை முதுகு. அஞ்சாவது கோடு தடிமனா இருக்கும். ரெண்டு தடிக் கோட்டுக்கு நடுவுல எப்பவும் நாலு மெல்லிசு. எண்ணிப் பாரு."

அவள் விரலை வைத்து எண்ணினாள். நாலு இருந்தது. அம்புட்டுதானா என்றாள்.

அந்த ஐப்பசியில் மாப்ள மலைக்குக் கொண்டுபோக அவசரமாக ஒரு படம் கேட்டார்கள். மழை ஈரத்தில் துணி நசநசத்தது, மை பரவியது. மலையின் கிழக்கு முகத்தில் ஓரிடத்தில் கோடுகள் ஒன்றையொன்று தொடுகிற அளவுக்கு நெருக்கம். இரண்டு முறை போட்டேன், இரண்டு முறையும் அப்பிக்கொண்டு கறுப்புப் பட்டையாகிவிட்டது. மூன்றாவது துணியில், நாலு மெல்லிய கோடுகளில் இரண்டை விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் இடம்விட்டுப் போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. இங்கே இரண்டு கோடு விட்டிருக்கிறது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிவைத்திருக்கலாம். படம் அசிங்கமாகிவிடும் என்று எழுதவில்லை. என் கர்வத்துக்குத் தீ வைக்க.

நாலாம் நாள் அவரைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கூடப் போன வனக் காவலர் என்னிடம் சொன்னார்: "மேக மூட்டம்ங்க, பத்தடி தள்ளி ஆளு தெரியல. மலை முதுகோடவே வந்தா சுத்து. கிழக்கால எறங்குனா சீக்கிரம். படத்த விரிச்சு பென்சிலால என்னமோ எண்ணுனாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. சுத்தியே போயிருவோம் ஐயான்னேன். 'எங்க மச்சான் கை தப்பாது, வா'ன்னு முன்னால எறங்குனாரு. கல்லு பொறண்ட சத்தந்தான் கேட்டுச்சு."

மழையில் கால் வழுக்கியது என்று விசாரணையில் எழுதினார்கள். என் துணியை மூலப் படத்தோடு யாரும் ஒத்துப் பார்க்கவில்லை. நான் மட்டும் மூலப் படத்தை எடுத்துப் பார்த்தேன். சரிவு கம்மி என்று நான் காட்டிய இடம் பாறை முகம். நான் வாய் திறக்கவில்லை. வேலை போகும் என்று பயந்தேன் என்று சொன்னால்கூடக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். தங்கை முகத்துக்குத்தான் பயந்தேன்.

காரியம் முடிந்து சில வாரம் கழித்து, அவர் பையிலிருந்த அந்தத் துணியை எடுத்துக்கொண்டு அவளே என்னிடம் வந்தாள். மடிப்பில் செம்மண் கறை. முற்றத்து வெளிச்சத்தில் விரித்து உட்கார்ந்தாள். கிழக்கு முகம் நெடுக, தடிக் கோடுகளுக்கு நடுவே பென்சில் புள்ளிகள்.

"எண்ணிருக்காருண்ணே. எல்லா எடத்துலயும் நாலு புள்ளி. இங்க மட்டும் ரெண்டு. பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டுருக்காரு. ஏண்ணே ரெண்டு?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

"அந்த எடத்துல மலை சரிவு கம்மி, தாயி" என்றேன்.

அவள் அந்த இரண்டு கோடுகளையும் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சரிவு கம்மின்னா எப்படிண்ணே விழுந்தாரு?"