இருநூற்றெண்பதுக்குள் ஒரு குடம் தண்ணீர்

குடிநீர் வாரிய அலுவலகத்தில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையும் அதுதான். பொறியாளர்கள் இரண்டு பக்கத்துக்கு எழுதித் தருவதை இருநூற்றெண்பது எழுத்துக்குள் அடக்கி வாரியத்தின் சமூக வலைத்தளப் பக்கத்தில் போடுவது. முன்பு ஒரு பத்திரிகையில் வரி விளம்பரம் சுருக்கிக்கொண்டிருந்தாள். அங்கே காசு கொடுப்பவன் வெட்டச் சொல்வான். இங்கே சம்பளம் கொடுப்பவர்கள் சேர்க்கச் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்தில் எழுத்தை எண்ணிக் காட்டும் கணக்குப்பெட்டி தமிழுக்குக் கொஞ்சமும் இரங்காது. மெய்யின் புள்ளியையும் ஒன்றாக எண்ணும், கால், கொம்பு எதையும் விடாது.

அன்று காலை மேற்குப் பகுதியில் சாக்கடை நீர் குடிநீர்க் குழாய்க்குள் புகுந்துவிட்டது. அவள் எழுதியது இவ்வளவுதான்:

'மேற்குப் பகுதி குழாய்நீரில் கழிவுநீர் கலந்துள்ளது. கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். வீட்டு வடிகட்டி மட்டும் போதாது.'

பாதி இடம்கூட நிரம்பவில்லை. அந்தக் காலி இடம்தான் மக்கள் தொடர்பு அதிகாரியின் கண்ணை உறுத்தியது.

"என்னம்மா, தந்தி மாதிரி இருக்கு? தலைவர் எங்கே?"

தலைவர் வந்தார். 'மாண்புமிகு வாரியத் தலைவர் அவர்களின் நேரடி மேற்பார்வையில் சீரமைப்புப் பணிகள் போர்க்கால அடிப்படையில் நடைபெற்று வருகின்றன. பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை.' கடைசியில் வாரியத்தின் இணைய முகவரி. எவ்வளவு நீண்ட முகவரியானாலும் பெட்டி அதை இருபத்துமூன்று எழுத்தாகத்தான் எண்ணும். அதைச் சேர்த்ததும் எல்லை தாண்டி எண் சிவப்பானது.

"போர்க்கால அடிப்படையை எடுத்துட்டா சரியா வந்துடும் சார்."

"அப்போ சும்மா நின்னுக்கிட்டு வேலை பார்க்கிறோம்னு நினைப்பாங்க. இந்த வடிகட்டி வரி எதுக்கு? கொதிக்க வைன்னு சொல்லியாச்சே. முக்கியமானது இருக்குல்ல?"

"சார், மேற்குல எல்லா வீட்லயும் தண்ணி வடிகட்டுற மெஷின் இருக்கு. அவங்களுக்கு அதுதான் முக்கியம். எங்க அண்ணன் வீடே அங்கதான்."

"உங்க அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. மத்ததைக் கீழே பதிலாப் போட்டுக்கலாம்."

"கூடப் போடற படத்துல எழுதி வைக்கலாமா?"

"படத்துல தலைவர் போட்டோ இருக்கு."

முக்கியமானது போகக் கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. எது முக்கியம் என்பதில்தான் தகராறு. அப்படிப்பட்ட தகராறில் நாற்காலி உள்ளவர் ஜெயிப்பார். வடிகட்டி வெட்டுப்பட்டது. எண் கறுப்பானது. கீழே பதிலாகத் தனியே போட்ட அந்த ஒற்றை வரியைப் பகிர ஒரு ஆளும் வரவில்லை. மேலே இருந்தது மட்டும் குழுவுக்குக் குழு பறந்தது.

அண்ணிக்குப் போன் போட்டாள்.

"கொதிக்க வச்சுக் குடிங்க அண்ணி. பாப்பாவுக்கு மெஷின் தண்ணி கொடுக்காதீங்க."

"அது மெஷின் இல்லாதவங்களுக்கு. நானும் படிச்சேனே! மெஷின் தண்ணி கூடாதுன்னா போட்டிருக்க மாட்டாங்களா?"

"போடறது நான்தான் அண்ணி."

"அப்போ போட்டிருக்கலாமே. ஊருக்கெல்லாம் ஒண்ணு சொல்லிட்டு எனக்கு மட்டும் தனியா ஒண்ணு சொல்றே. இவ்வளவு பணம் கொடுத்து மெஷின் வாங்கினதே உனக்குப் பொறுக்கல."

அண்ணனிடம் பேச முயன்றாள். அவன், "உங்க அண்ணி பார்த்துக்குவா," என்றான். கல்யாணமானது முதல் அவன் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

மூன்றாம் நாள் பாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வாந்தியும் பேதியுமாகக் குழந்தை வாடிய கீரைத்தண்டு மாதிரி துவண்டு கிடந்தது. பிஞ்சுக் கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் நர்ஸ் மூன்றாவது தடவையாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் முதல் அறிவிப்புக்கு மறுநாளே திருத்தம் போட்டிருந்தார்கள், வடிகட்டி வரியோடு, தலைவர் இல்லாமல். அதை யாரும் சீண்டவில்லை. பழையதுதான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணி அவளைப் பார்த்ததும் அழவில்லை. "தெரிஞ்சும் எழுதாம விட்டே," என்றாள்.

"இடம் பத்தல அண்ணி."

உண்மைதான். வாயால் சொன்னபோது அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. அண்ணி குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டில் அம்மாள் போனில் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "தலைவரே நேர்ல நின்னு பார்க்கிறாராம், பயப்படாதே. நம்ம மெஷின் தண்ணியே போதும்."

"போதாதும்மா! கொதிக்க வைக்கச் சொல்லுங்க, மெஷின் தண்ணியையும்!" என்று அவள் கத்தியேவிட்டாள்.

"நீ யாரும்மா?"

"அதை எழுதினவ," என்றாள் அண்ணி, திரும்பாமலே.

அந்த அம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அப்படியா? நல்லா எழுதியிருந்தேம்மா. படிச்சதும் மனசு நிம்மதியாயிடுச்சு."