சிஸ்டரின் இத்தாலியப் பேச்சை நான் திருத்தியது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரைதான் படித்தேன். முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதி மறந்தும் போய்விட்டது.

எண்பதுகளின் நடுவில் மலேசியாவில், கோல சிலாங்கூரில் கன்னியாஸ்திரீகள் இருந்த வீடு ஒன்றில் நான் சமையல்காரி. அதற்கு முன் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பால் எடுத்தேன், பிறகு வெள்ளைக்காரத் துரை பங்களாவில் வேலை பார்த்தேன். அங்கே காதில் விழுந்ததுதான் என் இங்கிலீஷ்.

அந்த வீட்டில் இத்தாலிக்கார சிஸ்டர் ஒருவர் இருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயம் லயமாகப் போய் மருந்து கொடுத்தவர். தமிழை எங்களைப் போலவே பேசுவார். ஒரு நாள் காலையில் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. பிறந்த ஊர் இத்தாலிய மொழி மட்டும்தான் வாயில் மிச்சம். சில பேருக்கு அப்படி ஆகும் என்றார் டாக்டர்.

வீட்டுக்குத் தலைவியான மதர் என்னிடம் சொன்னார்: "அவங்க பேசறது இங்க யாருக்கும் புரியலன்னா எப்படிம்மா வெச்சுப் பார்க்கிறது? இத்தாலிக்கே அனுப்பிட வேண்டியதுதான்."

சிஸ்டருக்கு அது ஆகாது. நன்றாக இருந்த காலத்தில் தனக்குக் குழி எங்கே வேண்டும் என்று இங்கேயே இடம் காட்டி வைத்திருந்தவர். நான் பயந்து பயந்து, "நான் கத்துக்கிறேன் மதர்" என்றேன். அதை எப்படிச் சொன்னேனோ.

வீட்டில் இளைய தமிழ் சிஸ்டர் ஒருவரும் இருந்தார். ஒரு வருஷம் இத்தாலியில் இருந்து வந்தவர். பாகான் நக்கோடா ஓமார் என்ற ஊரில் பாலர் பள்ளி வேலை இருந்ததால் வேனில் ஏறப்போகும் அவசரத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். சாப்பாடு, தண்ணீர், வலி போன்ற சொற்கள் ஒரு பக்கம். மறுபக்கம் ஐந்து சின்னச் சொற்கள். இங்கிலீஷ் 'டு'வுக்கு a (ஆ), 'ஆஃப்'க்கு di (தி), 'ஃப்ரம்'முக்கு da (தா), 'இன்'னுக்கு in (இன்), 'ஆன்'னுக்கு su (ஸு).

"இது ஆரம்பம்தான்க்கா, வந்து மிச்சத்தைச் சொல்றேன்" என்று சொல்லிப் போனார். வர மூன்று வாரமானது.

தோட்டத்தில் விடியற்காலை பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது, வேலை வாங்கும் மண்டோர் ஆளுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு வரிசை மரம் கொடுப்பார். உன் நிரையில் இன்னொருத்தி கத்தி வைக்க மாட்டாள். அந்த ஐந்து சொல்லையும் நான் அப்படித்தான் மனசில் நிறுத்தினேன். 'டு'வின் நிரையில் 'ஆ' மட்டும்தான் வெட்டும். சமைத்துக்கொண்டே சொல்லிப் பார்ப்பேன். இருபது பேருக்குச் சோறு வடித்து முடித்து உட்காரும்போது கண் சொருகும். அப்போதும் தாள் மடியில் இருக்கும்.

சிஸ்டர் காலையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, "வாதோ இன் குச்சீனா" என்பார். சமையலறைக்குப் போகிறேன் என்று அர்த்தம். இங்கிலீஷில் 'டு கிச்சன்' அல்லவா? தாளைப் பார்த்தேன். "நோ சிஸ்டர். ஆ குச்சீனா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஆ குச்சீனா" என்று சொன்னார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டரிடம் போவதை "தால் தொத்தோரே" என்றார். அதில் வரும் 'தா' என்றால் 'ஃப்ரம்' ஆயிற்றே, போகிறவர் எப்படி அங்கிருந்து வருவார்? அதையும் திருத்தினேன். விளங்காத காலைக் காட்டிச் சிரித்துக்கொண்டு, நடந்தே போகிறேன் என்று "ஆ பியேதி" என்றார். இங்கிலீஷில் 'ஆன் ஃபுட்' தானே, 'ஸு' எங்கே என்று கேட்டேன். நான் இந்த ஊர்க்காரி என்று தன் ஊரைச் சொல்லி "சோனோ தி" என்றபோது, 'ஃப்ரம்'முக்கு 'தா' சிஸ்டர் என்று தாளை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

இரண்டாவது வாரம் அவர் பேச வாயெடுத்தால் முதலில் என் முகத்தைப் பார்த்தார். அந்தச் சின்னச் சொல் வரும் இடத்தில் நிறுத்திவிடுவார். பிறகு வெறும் "குச்சீனா" மட்டும். பிறகு அதுவும் இல்லை. கையை நீட்டுவார், அவ்வளவுதான். நோய் முற்றிவிட்டது என்று மதர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவரை அனுப்பிவைப்பதாக இத்தாலிக்குக் கடிதம் போனது.

இளைய சிஸ்டர் திரும்பி வந்த அன்று நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய சிஸ்டர் என்ன நினைத்தாரோ, மெல்ல "இன் குச்சீனா" என்றார். பல நாளைக்குப் பிறகு பேசினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கத்தில், "ஆ, சிஸ்டர், ஆ" என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

இளைய சிஸ்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னாக்கா செய்றீங்க? அவங்க சொன்னதுதானே சரி!"

"தாள்ல 'ஆ'ன்னு எழுதியிருக்கீங்களே சிஸ்டர்."

"ஐயோ, அது வாய்ப்பாடு இல்லலா! ஊருக்குப் போனா 'ஆ ரோமா'. நாட்டுக்குப் போனா 'இன் இத்தாலியா'. சமையலறைக்கும் 'இன்'தான். ஒரு ஆள்கிட்ட போனா 'தா', அதான் 'தால் தொத்தோரே'. எல்லாத்துக்கும் இங்கிலீஷ்ல 'டு'தான், இத்தாலியில மூணு."

"அப்ப நடந்து போறதுக்கு?"

"'ஆ பியேதி'. மேசை மேல இருந்தாத்தான் 'ஸு'. ஊரைச் சொல்ல 'தி', அங்கிருந்து வரேன்னா 'தா'. இங்கிலீஷை வெச்சு இத்தாலியை அளக்க முடியாதுக்கா."

எத்தனை தடவை திருத்தினேன் என்று கேட்டார். எண்ணவில்லை என்றேன். தினமும். இரண்டு மொழி போன மனுஷிக்கு மிச்சமிருந்தது அது ஒன்று. அதுவும் தப்பாகிவிட்டது என்று நம்ப வைத்தவள் நான்தான்.

மதரிடம் நானே போனேன். அதுவரை அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழக்கம்.

"அவங்களுக்கு நோய் முத்தல மதர். நான் தப்பு தப்புன்னு சொன்னதால பேசாம இருக்காங்க."

மதர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நீ அவங்களுக்கு இத்தாலி சொல்லிக் கொடுத்தியா?"

"ஆமா மதர்."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "ஒரு வாரம் பார்க்கிறேன். அதுக்குள்ள பேசலன்னா டிக்கெட்டுதான்" என்றார்.

தாளை அடுப்பில் போட்டேன். மறுநாள் சிஸ்டரைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், "இன் குச்சீனா" என்று நானே சொன்னேன். அவர் பேசவில்லை. அடுத்த நாளும் இல்லை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டே, சரியோ தப்போ, அவர் முன்பு சொன்னதையெல்லாம் அப்படியே திருப்பிச் சொன்னேன். ஐந்தாம் நாள் "தால் தொத்தோரே" என்றேன். அவர் கையை ஆட்டி, "நோ, நோ" என்றார். டாக்டர் வேண்டாமாம். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

வாரம் முடிந்ததும் மதர் வந்து உட்கார்ந்தார். இத்தாலிக்குப் போகிறீர்களா என்று இளைய சிஸ்டர் பெரிய சிஸ்டரிடம் அவர் மொழியிலேயே கேட்டார். பெரிய சிஸ்டர் முதலில் என்னைத்தான் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரெஸ்தோ குவி. சோனோ குவி தா த்ரெந்தான்னி" என்றார்.

"என்ன சொல்றாங்க?" மதர் என்னைக் கேட்டார், இளைய சிஸ்டரை இல்லை.

"இங்கயே இருக்கேங்கறாங்க மதர். முப்பது வருஷமா இங்கதானாம்."

அந்த 'முப்பது வருஷமா'வுக்கும் 'தா'தான். இங்கிலீஷில் 'ஃபார்' வரும் இடம். பழைய நானாக இருந்தால் திருத்தியிருப்பேன்.

முன்பு போன கடிதத்தை மாற்றி, இங்கேயே இருக்கட்டும் என்று இன்னொரு கடிதம் போனது. அவர் மேலும் இரண்டு வருஷம் இருந்தார். சமையலோடு அவரைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் என் தலையில். என் இடுப்பு வலி அப்போது வந்ததுதான், இன்னும் போகவில்லை. அலுப்பில் முணுமுணுத்த நாளும் உண்டு. அவர் காட்டி வைத்த இடத்திலேயே அவரைப் புதைத்தார்கள்.

இந்த இத்தாலியச் சொற்களைக் காதில் கேட்டபடிதான் எழுதியிருக்கிறேன். அந்த மொழி தெரிந்தவர் யாராவது படித்தால் 'ஆ', 'தி', 'தா', 'இன்', 'ஸு' எல்லாம் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.