ஆறு ரவுண்டில் மிஞ்சுவது ஒருவர்

ஆரணியில் எங்கள் தெருக்கோடியில் உள்ள கல்யாண மண்டபத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டி. நாற்பத்தேழு பேர் வந்திருந்தார்கள். ஒற்றைப்படை. ஜோடி சேர்த்தால் ரவுண்டுக்கு ஒருவர் ஆடாமல் உட்கார வேண்டும், அவருக்குச் சும்மா ஒரு பாயிண்ட் போடுவார்கள். அது வேண்டாமென்று நடுவர் தம்பி என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் அவர். என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் தறி நிற்கும்போதெல்லாம் அவரோடு நான் செஸ் ஆடுவேன், அது தெருவுக்கே தெரியும். ஆனால் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து ஆடியதில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைசி மேசையில் உட்கார்ந்தேன்.

"எத்தினி ஆட்டம் தம்பி?"

"ஆறு ரவுண்டும்மா. யாரும் வெளிய போவ மாட்டாங்க, தோத்தாலும் ஆறும் ஆடலாம். ஒவ்வொரு ரவுண்டும் ஒரே பாயிண்ட்ல இருக்கறவங்களையோ கிட்டத்துல இருக்கறவங்களையோ சேத்துப் போடுவோம். ஜெயிச்சவனுக்கு ஜெயிச்சவன், தோத்தவனுக்கு தோத்தவன்."

"ஆறு எதுக்கு? அஞ்சு ஆடினா ஆவாதா?"

"எல்லாத்தியும் ஜெயிச்சிகினு வர்றவங்க ஒவ்வொரு ரவுண்டுலயும் பாதியா கொறைவாங்கம்மா. நாப்பத்தெட்டு இருபத்திநாலு ஆவும், அப்புறம் பன்னண்டு, ஆறு, மூணு. அஞ்சாவதுல ரெண்டு பேர் கூட நிக்கலாம். ஆறாவதுல ஒருத்தருக்கு மேல நிக்க முடியாது. முப்பத்திரெண்டு பேருக்குள்ளன்னா அஞ்சு போதும்."

முதல் ரவுண்டில் ஒரு காலேஜ் பையன் என்னைச் சீக்கிரமே முடித்துவிட்டான். எழுந்து கை கழுவப் போனேன். அங்கேதான் அந்தச் சத்தம். பளார் என்று. சாப்பாட்டுக் கூடத்துச் சுவரோரம் பத்து வயசுப் பெண்பிள்ளை ஒருத்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை அடித்தவர் அவள் அப்பா. சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து பைக்கில் வந்தவர், கையில் ஹெல்மெட்.

"மொத ஆட்டமே தோத்துட்டு வந்து நிக்கிறியா? ஜெயிக்காம எந்திரிச்சு வந்தா தோலை உரிச்சிடுவேன்னு சொன்னனா இல்லியா?"

அவள் என்ன செய்வாள்? முதல் ரவுண்டில் ஆட்டக்காரர்களைப் பலத்தின்படி வரிசையாக எழுதி, வரிசையைப் பாதியாக வெட்டி, மேல் பாதியின் முதல் ஆளைக் கீழ்ப் பாதியின் முதல் ஆளோடு போடுகிறார்கள். புதுசாக வந்தவர்களெல்லாம் கீழ்ப் பாதி. அவளுக்குப் பலசாலிதான் விழும், எனக்கு விழுந்த மாதிரி. அதைச் சொல்ல வாயெடுத்தேன். கூச்சப்பட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது ரவுண்டில் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தால் எனக்கு எதிரில் அவள்தான். இரண்டு பேரும் பூஜ்யம். கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தது. குதிரையைத் தூக்கும்போது கை பட்டுச் சிப்பாய்கள் உருண்டன. எடுத்து வைத்துக் கொடுத்தேன். நான் ராணியைக் கொஞ்சம் அசட்டையாக நகர்த்தியதும் முறைத்தாள்.

"ஆயா, சும்மா உட்டுக் குடுக்காதீங்க. நான் ஜெயிச்சா அடுத்து ஜெயிச்சவங்களோட போடுவாங்க. அங்க தோத்தா இன்னும் அடி."

"தோத்தாலும் அடிதானே கண்ணு?"

"டிரா பண்ணிக்கலாமா? அரை பாயிண்ட்டு. தோக்கல இல்ல?"

காய்கள் சமமாகத்தான் இருந்தன. கை கொடுத்தோம். அவள் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள். "கெழவிகிட்ட டிராவா?" என்ற குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. அடுத்த அடியில் உதடு கிழிந்து கவுனில் ரத்தம் சொட்டியது. நடுவர் ஓடிவந்து, "சார், இங்க அடிக்கிற வேலை வெச்சுக்காதீங்க," என்றார். "எம் பொண்ணு, நான் அடிப்பேன்," என்றார் அவர். மற்ற பெற்றோர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவதில் அரை பாயிண்ட்டில் இருந்த ஒரு பையனோடு விழுந்து ஜெயித்தாள். அப்பா தலையைத் தடவி ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். ஜெயித்ததால் நான்காவதில் ஒன்றரை பாயிண்ட் ஆள் எதிரில் வந்தார், தோற்றாள். தோற்றவள் வெளியே வரவில்லை, மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா நேராக நடுவரின் மேசைக்குப் போனார்.

"அடுத்த ரவுண்டு அந்தக் கெழவியோட போடு. ஜெயிப்பா."

"ஒரு தடவ ஆடினவங்க மறுபடி ஆட முடியாது சார்."

"அப்ப எல்லாம் தோத்த எவனோடயாவது போடு!"

"பாப்பா ஒன்றரைல இருக்குது. ஒன்றரைல இருக்கறவங்களோடதான் வரும். நானா போட முடியாது."

"ஏன்டா, இன்னாடா பேஜார் பண்ற?" என்று ஹெல்மெட்டை வீசினார். நடுவரின் நெற்றிப்பொட்டில் பட்டது. அவர் சாய, லேப்டாப்பும் இரண்டு கடிகாரமும் கீழே விழுந்து சிதறின. அந்த ஆள் திரும்பி மேசைக்கு அடியில் கைவிட்டு மகளைச் சடையோடு பிடித்து இழுத்தார். அவள் மேசைக் காலைக் கட்டிக்கொண்டாள். மேசை சாய்ந்து காய்கள் கொட்டின.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"நிறுத்துய்யா! நாப்பத்தெட்டு பேரு, ஆறு ரவுண்டு. கடைசில எல்லா ஆட்டத்தியும் ஜெயிச்சவன் ஒருத்தனுக்கு மேல இருக்க முடியாது. மீதி நாப்பத்தேழு பேரும் எங்கியாவது ஜெயிக்காமதான் போவணும், அப்படித்தான் இத கட்டி வெச்சிருக்காங்க. ஜெயிச்சா இன்னும் பெரிய ஆளத்தான் எதிர்ல உக்கார வெக்கிறாங்க. ஜெயிக்காததுக்கு அடின்னா நாப்பத்தேழு பேரியும் அடி. மொதல்ல என்னிய அடி, வா!"

அடித்தார். அடி என்று சொல்ல முடியாது, நெஞ்சில் ஒரு தள்ளு. விழுந்த இடத்தில் மணிக்கட்டு மடங்கிக் கட்டை முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. அதுவரைக்கும் போனைப் பார்த்த அப்பன்மார்கள் அப்போதுதான் எழுந்தார்கள். "வயசானவங்கள தள்றியா?" என்று ஒருத்தர் பிடரியில் வைத்தார். பிறகு எத்தனை பேர் என்று தெரியவில்லை. சட்டை கிழிந்தது, மூக்கு உடைந்தது. நாற்காலி ஒன்று முதுகில் முறிந்தது. விழுந்தவரை உதைத்தார்கள். பிள்ளை அடிபட்டபோது இல்லாத ஆவேசம் எல்லாருக்கும் எங்கிருந்தோ வந்திருந்தது. அந்தக் கூட்டத்துக்குள் புகுந்தது அவள்தான்.

"எங்கப்பாவ அடிக்காதீங்க! உடுங்க! உடுங்க!"

அவள்மேலும் இரண்டு அடி விழுந்த பிறகுதான் விட்டார்கள்.

நடுவர் நெற்றியில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, வேறொருவரின் லேப்டாப்பில் ஐந்தாவது ரவுண்டுத் தாளை எடுத்து ஒட்டினார். போலீசைக் கூப்பிடலாமா என்று யாரோ கேட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. அந்த ஆளை வெளிப்படியில் உட்கார வைத்தார்கள். என் மணிக்கட்டில் யாரோ துண்டைச் சுற்றினார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வரும்வரை வாசலோரம் உட்கார்ந்திருந்தேன்.

அவள் அழுதுகொண்டே ஐந்தாவது ஆடினாள். எதிரில் ஒன்றரை பாயிண்ட் பிள்ளைதான். ரொம்ப நேரம் ஆடினாள். கை கொடுத்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் படிக்குப் போனாள். கை எட்டாத தூரத்தில் நின்றாள்.

"இன்னா ஆச்சு?" வீங்கிய வாயோடு அப்பா கேட்டார்.

"தோத்துட்டேன்."

அவர் கை எழுந்தது. பழக்கத்தில் எழுந்த கை. அவள் இந்த முறை தலையைக் குனியவில்லை.

"இன்னும் ஒரு ரவுண்டு இருக்குது. என்னிய மாதிரி தோத்தவங்களோடதான் போடுவாங்க. போய் ஆடிட்டு வரேன். நீ இங்கியே குந்து."

கை அப்படியே நின்றது. அவர் அதைக் கீழே இறக்கி முழங்காலில் வைத்துக்கொண்டார். அவள் உள்ளே போனாள்.

ஆட்டோ வந்துவிட்டது. ஆறாவதில் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதும் தெரியாது.